பெட்டியில் ஓர் எண், திரையில் ஓர் எண்

கேள்வி

ஐயா, சம்பா வயலுக்கு மருந்தடிக்க 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் ஒன்றை என் மகன் தன் கைப்பேசியில் ஆர்டர் செய்தான். பணம் முன்கூட்டியே கட்டிவிட்டோம். பெட்டி வந்தபோது நான் வயலில் இருந்தேன். என் தாயார் வாங்கி வைத்தார். மழை விட்டு நான்கு நாள் கழித்துப் பிரித்தால் உள்ளே மூன்று மிக்ஸி ஜார்கள். விற்ற இணையக் கடையைக் கேட்டால், டெலிவரி ஆகிவிட்டது என்கிறார்கள். திரும்ப எடுக்க வந்த தம்பி, "படத்தில் இருக்கும் பொருள் இது இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டெலிவரி நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் எழுத வேண்டும். கையில் இருப்பவை ஆர்டரின் ஸ்கிரீன்ஷாட்டும் பெட்டியின் படமும்தான். இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். கடிதத்தில் என்ன எழுதுவது? தமிழில் எழுதலாமா?

– ஒரு வாசகர், வலங்கைமான் வட்டம்

பதில்

உங்கள் ஸ்கிரீன்ஷாட்டைவிடப் பெட்டியின் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜார்களைக் காட்டுவதற்காகத் திண்ணையில் வைத்து எடுத்த படம் அது. ஆனால் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த லேபிளும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருக்கும் பெயர் உங்கள் மகனுடையது அல்ல. அஞ்சல் குறியீடு 614 என்று தொடங்குகிறது. உங்கள் ஊர் 612. எடை 1.40 கிலோ என்று அச்சாகியிருக்கிறது. 12 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். தெளிப்பான் வைத்த பெட்டி ஒன்றரைக் கிலோவில் எப்படி அடங்கும்?

இப்போது ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருகிறேன். உங்கள் மகன் அதைக் கொஞ்சம் வெட்டி அனுப்பியிருக்கிறார். ஆர்டர் எண் முழுதாக இருக்கிறது. பொருளின் பெயர் `Battery Sprayer 16 L 12V 12Ah with Ext…` என்று பாதியில் நிற்கிறது. விலை ரூ. 3,290. `Delivered on 31 Oct`, `Return window closed on 07 Nov` என்று இரண்டு வரிகள். அடியில் பொடி எழுத்தில் `Tracking ID 771409265` வரை தெரிகிறது. மிச்சம் இலக்கங்கள் வெட்டுப்பட்டுவிட்டன. பெட்டியின் லேபிளிலோ `771409312460` என்று இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் ஒன்றுதான். ஏழாவதிலிருந்து இரண்டும் வேறு வேறு.

ஆகவே கடைக்காரர் தெளிப்பானுக்குப் பதில் ஜாரை வைத்துக் கட்டிவிட்டார் என்று நினைப்பதற்கு இங்கே இடமில்லை. மன்னார்குடிப் பக்கமோ பட்டுக்கோட்டைப் பக்கமோ ஒருவர் ஆர்டர் செய்த ஜார், சரியாகக் கட்டப்பட்டு, சரியாக லேபிள் ஒட்டப்பட்டு, தவறாக உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. உங்கள் பார்சலின் எண்ணைக் கருவியில் தட்டி ஒப்படைத்ததாகப் பதிந்துவிட்டு, வண்டியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் பகுதியில் இது நடக்காத விஷயமல்ல. நல்லூர் என்று முடியும் ஊர் எத்தனை இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ண முடியாது. மாவட்டம் ஒன்றாகவும் அஞ்சல் குறியீடு இன்னொன்றாகவும் இருக்கும். உங்கள் வட்டமே அப்படித்தான், மாவட்டம் திருவாரூர், குறியீடு கும்பகோணத்துடையது. மழைநாளில் இருட்டிக்கொண்டு வரும்போது பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிறவர் எண்ணைப் பார்க்காமல் ஊர்ப் பெயரைப் பார்த்தால் இப்படி ஆகிவிடும்.

டெலிவரி நிறுவனத்துக்கு எழுத வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தது சரி என்பதற்காக இவ்வளவும் சொன்னேன். என்னிடம் வரும் இத்தகைய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு, "டெலிவரி நிறுவனத்தை விடுங்கள், விற்ற கடைக்கு எழுதுங்கள்" என்றுதான் பதில் சொல்வேன். லேபிளில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்து, உள்ளே பொருள் மட்டும் மாறியிருந்தால், கட்டி அனுப்பியவர்தான் பதில் சொல்ல வேண்டும். கூரியர்காரர் ஒட்டிய பெட்டியை ஒட்டியபடியே கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான். அந்த வகையிலும் வழியில் திருட்டு நடந்திருக்கலாம். அப்போது டேப்பின் மேல் இன்னொரு டேப் இருக்கும், அல்லது லேபிளில் அச்சான எடைக்கும் கையில் இருக்கும் எடைக்கும் பொருத்தம் இருக்காது. உங்களுடையது இந்த இரண்டிலும் சேராது. எண்ணே வேறு.

இனிக் கடிதம். அதற்கு முன் ஒன்று. இந்தக் கடிதத்தில் ரூ. 3,290-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். அந்தப் பணம் டெலிவரி நிறுவனத்திடம் போகவே இல்லை; இணையக் கடையிடமோ விற்பவரிடமோ இருக்கிறது. கடை அதைத் தர மறுப்பதற்கு ஒரே காரணம், திரையில் இருக்கும் `Delivered` என்ற சொல். அந்தச் சொல்லைத் திருத்த டெலிவரி நிறுவனம் ஒன்றால்தான் முடியும். "இந்த எண்ணுள்ள பார்சல் இந்த முகவரியில் ஒப்படைக்கப்படவில்லை" என்று அவர்கள் ஒரு வரி எழுதிவிட்டால் கடையின் கதவு தானாகத் திறக்கும். கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியமும் அந்த ஒரு வரியை வாங்குவதற்காக இருக்க வேண்டும்.

பலர் செய்வது இதற்கு நேரெதிர். முதல் பத்தியில் கோபம், இரண்டாம் பத்தியில் விவசாயியின் கஷ்டம், மூன்றாம் பத்தியில் மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம். எண் மட்டும் எங்கும் இருக்காது. படிக்கிற அலுவலர் அதை எந்தப் பார்சலோடு பொருத்திப் பார்ப்பார்? ஆர்டர் எண்ணை எழுதுகிறார்கள், ஆனால் அது கடையின் பாஷை. கூரியர் நிறுவனத்தின் கணினிக்குத் தெரிந்ததெல்லாம் டிராக்கிங் எண்தான். ஒரே ஆர்டரில் இரண்டு பொருள் வாங்கினால் அவை இரண்டு பார்சலாக, இரண்டு டிராக்கிங் எண்ணோடு வரலாம். ஆர்டர் எண்ணை மட்டும் கொடுத்தால், "விவரம் கிடைக்கவில்லை" என்று உண்மையாகவே பதில் வந்துவிடும்.

ஆகவே முதல் வேலையாக மகனிடம் சொல்லி, வெட்டாத ஸ்கிரீன்ஷாட்டுகள் எடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியின் மேற்பட்டையில் நேரம் தெரிய வேண்டும். ஆர்டர் பக்கம் ஒன்று, அதிலிருந்து உள்ளே போனால் வரும் டிராக்கிங் பக்கம் ஒன்று. பார்சல் எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருந்தது, எத்தனை மணிக்கு ஒப்படைத்ததாகப் பதிந்தார்கள் என்பதெல்லாம் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் படத்தில் அது இல்லை. அப்படியே இன்வாய்ஸையும் இறக்கி வையுங்கள். பொருளின் முழுப் பெயரும் விற்பவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் நின்றுபோன `with Ext…` என்ற வாலும் அங்கே தெரியவரும். `31 Oct` என்று மட்டும் திரை சொல்கிறது, ஆண்டு இல்லை. கடிதத்தில் ஆண்டை நீங்கள் சேர்க்க வேண்டும். இந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி எழுத்து மங்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். மூலக்கோப்பு மகனின் கைப்பேசியிலேயே அழியாமல் இருக்கட்டும்.

கடிதத்தில் கையெழுத்து மகனுடையதாக இருக்க வேண்டும். கணக்கு அவர் பெயரில், இன்வாய்ஸ் அவர் பெயரில். நீங்கள் எழுதினால், "நீங்கள் யார்?" என்று ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்கள். இன்னொன்றும் அவரிடம் கேளுங்கள். பார்சல் வந்த அன்று அவருடைய கைப்பேசிக்கு ஓடிபி வந்ததா, அதை அவர் பாட்டிக்குத் தொலைபேசியில் சொன்னாரா? சொல்லியிருந்தால் மறைக்க வேண்டாம். ஓடிபி ஒரு பெட்டி கைமாறியதற்குத்தான் சாட்சி. எந்தப் பெட்டி என்பதற்கு அது சாட்சியல்ல. பிரித்துக் காட்டிய பிறகு ஓடிபி வாங்கும் முறையும் சில பொருள்களுக்கு உண்டு. உங்கள் பெட்டி ஒட்டியபடியே வந்திருப்பதால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

இனி, உங்கள் மகன் அனுப்பக்கூடிய கடிதம்:

> தேதி:
>
> பெறுநர்: புகார் தீர்வு அலுவலர், (டெலிவரி நிறுவனத்தின் பெயர், தலைமை அலுவலக முகவரி)
>
> பொருள்: டிராக்கிங் எண் 771409265\_\_\_ கொண்ட பார்சல் எங்களிடம் ஒப்படைக்கப்படவில்லை, வேறு எண்ணுள்ள பார்சல் கொடுக்கப்பட்டது. இழப்பு குறித்த எழுத்துமூல அறிவிப்பு.
>
> ஐயா / அம்மா,
>
> 24.10.2025 அன்று (இணையக் கடையின் பெயர்) வழியாக, ஆர்டர் எண் (திரையில் உள்ளபடி) மூலம், 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் ஒன்றை ரூ. 3,290 செலுத்தி வாங்கினேன். இந்தப் பார்சல் மேற்கண்ட டிராக்கிங் எண்ணில் உங்கள் நிறுவனம் வழியாக அனுப்பப்பட்டது.
>
> 31.10.2025 அன்று எங்கள் வீட்டில் என் பாட்டியாரிடம் உங்கள் ஊழியர் ஒரு பெட்டியைக் கொடுத்தார். அது ஒட்டியபடியே இருந்தது. 04.11.2025 அன்று அதைப் பிரித்தபோது உள்ளே மூன்று மிக்ஸி ஜார்கள் இருந்தன. அந்தப் பெட்டியின் லேபிளில் உள்ள டிராக்கிங் எண் 771409312460. அஞ்சல் குறியீடு 614-ல் தொடங்குகிறது. எடை 1.40 கிலோ. பெறுநர் பெயர் என்னுடையது அல்ல. எங்கள் அஞ்சல் குறியீடு 612-ல் தொடங்குகிறது.
>
> ஆகவே என் பார்சல் ஒப்படைக்கப்பட்டதாக உங்கள் பதிவில் இருப்பது தவறு. அந்தப் பார்சல் இன்றுவரை எங்களுக்கு வரவில்லை.
>
> இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் என் பார்சலைக் கண்டுபிடித்து ஒப்படையுங்கள். முடியாவிட்டால், அது ஒப்படைக்கப்படவில்லை என்பதை எனக்கும் இணையக் கடைக்கும் எழுத்தில் தெரிவித்து, உங்கள் பதிவைத் திருத்துங்கள். இரண்டு பார்சல்களின் ஸ்கேன் விவரங்கள், பதிவான எடை, ஒப்படைத்த இடத்தின் பதிவு, எடுத்திருந்தால் புகைப்படம் ஆகியவற்றை எனக்குத் தாருங்கள். கடைசி மையத்தின் கேமரா பதிவை அழியாமல் வையுங்கள்.
>
> தவறாக வந்த பார்சல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அதன் டிராக்கிங் எண்ணைக் குறிப்பிட்ட எழுத்துமூல ரசீது கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம்.
>
> இணைப்பு: ஆர்டர் பக்கம், டிராக்கிங் பக்கம் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்டுகள், இன்வாய்ஸ், பெட்டி லேபிளின் படம்.
>
> நகல்: இணையக் கடையின் குறைதீர் அலுவலர்.
>
> (கையெழுத்து, பெயர், முகவரி, கைப்பேசி எண்)

தமிழில் எழுதலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எழுதலாம். ஆனால் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வெளிமாநிலத்தில் இருந்தால், தமிழ் தெரிந்தவரைத் தேடி அந்தக் காகிதம் சில நாள் மேசை மேசையாக அலையும். மகனை விட்டு இதையே ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துவிடுங்கள். எண்களை மட்டும் இரண்டிலும் திரையில் உள்ளபடியே, ஓர் இலக்கமும் மாறாமல் எழுத வேண்டும். கையால் எழுதும்போது 1-ம் 7-ம் குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொருள் வரியில் "இழப்பு குறித்த எழுத்துமூல அறிவிப்பு" என்று சேர்த்தது அலங்காரத்துக்காக அல்ல. 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியர் நிறுவனங்களையும் சரக்கேற்றுவோர் என்றே கணக்கில் கொள்கிறது. சரக்கு தொலைந்தால் அவர்கள் மேல் வழக்குப் போவதற்கு முன், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அதன் 16-ம் பிரிவு. அதற்கு 180 நாள் கெடு. அந்த நாள்களை உங்கள் கைக்குப் பெட்டி வந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது, அனுப்பியவர் பதிவு செய்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். உங்கள் பார்சல் பதிவான நாள் டிராக்கிங் பக்கத்தில் இருக்கும். அது அக்டோபர் 26 என்று வைத்துக்கொண்டால் 2026 ஏப்ரல் 24-ல் கெடு முடிகிறது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் எத்தனை முறை பேசியிருந்தாலும், சாட்டில் எத்தனை பக்கம் தட்டியிருந்தாலும், எழுத்தில் இப்படி ஒரு தாள் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கெடுவைப் பற்றிப் பின்னால் வாதாட வேண்டிய தேவை இருக்காது. மின்னஞ்சலில் அனுப்புங்கள், தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் அவர்களுடைய கிளை இருந்தால் ஒரு நகலை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மாட்டேன் என்றால் சண்டை வேண்டாம். தபால் ரசீது போதும்.

"பணம் கட்டியது கடைக்கு, எங்களுக்கு அல்ல. நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே அல்ல" என்று டெலிவரி நிறுவனம் சொல்லக்கூடும். சொல்லட்டும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு சேவையைப் பணம் கொடுத்து அமர்த்தியவரின் சம்மதத்தோடு அதன் பயனைப் பெறுகிறவரும் நுகர்வோர்தான். விற்பவர் கூரியரை அமர்த்தியது உங்கள் வீட்டு வாசலுக்காகத்தான்.

இன்னொரு வழக்கமான பதில், "பெட்டி பிரிக்கும் வீடியோ எங்கே?" என்பது. வீடியோ இருந்தால் நல்லதுதான். இல்லையென்றால் புகார் செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்களிடம் அதைவிட உறுதியான ஒன்று இருக்கிறது. வீடியோ எடுத்திருந்தால், பெட்டியை முன்பே பிரித்து ஜாரை வைத்துவிட்டு எடுத்தீர்கள் என்று யாராவது வாய் கூசாமல் சொல்லலாம். வேறொருவர் பெயருக்கு, வேறொரு எண்ணில், அவர்களே ஒட்டிய லேபிளை நீங்கள் அச்சடித்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

திரும்ப எடுக்க வந்த தம்பியின் மேல் கோபப்பட வேண்டாம். ஆர்டர் செய்த பொருளின் படத்தோடு கையில் இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் எடுக்கக் கூடாது என்பது அவருக்கு இட்ட கட்டளை. சிக்கல் அதன் பிறகுதான் வருகிறது. அவர் எடுக்காமல் போனது உங்கள் கணக்கில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளரே ரத்து செய்தார் என்று சில சமயம் இருக்கும். இருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கடைக்கு எழுதும்போது மறுத்து எழுத வேண்டும். திருப்பித் தரக் கோரும்போது "பிடிக்கவில்லை" என்ற காரணத்தைத் தட்டியிருந்தால், "தவறான பொருள் வந்தது" என்று மாற்றி மறுபடி பதிய வேண்டும்.

`Return window closed on 07 Nov` என்ற வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அது மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்குக் கடை வைத்த கெடு. வாக்களித்த தன்மையில் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. உங்கள் விஷயத்தில் வாங்கிய பொருள் வரவே இல்லை, திருப்பிக் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? கடைக்கு அனுப்பும் நகலோடு நான்கு வரிக் கடிதம் ஒன்றும் வையுங்கள்: என் பார்சல் வரவில்லை, இதோ இரண்டு எண்கள், பணத்தைத் திருப்புங்கள், விற்பவரின் முழு முகவரியைத் தாருங்கள். வாங்கியவர் எழுதிக் கேட்டால் முகவரி தர வேண்டியது கடையின் கடமை. குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் கடையின் தளத்தில் இருக்க வேண்டும். அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

டெலிவரி நிறுவனம் ஒழுங்காக விசாரித்தால் இது அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். 614-ல் ஒரு வீட்டிலும் இதே நேரம் ஜாருக்குப் புகார் போயிருக்கும். அந்த வீட்டில் உங்கள் தெளிப்பான் இருந்தாலும் இருக்கும். லேபிளில் அவர்களுடைய தொலைபேசி எண் தெரிந்தால், நாமே பேசி மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜாரைக் கொடுத்துவிட்டு, அங்கே தெளிப்பான் இல்லை என்று தெரிந்தால், உங்கள் கையில் இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். கடிதத்தில் அவர்களுடைய பெயரை நான் எழுதாததும் யோசித்துத்தான். எண் போதும்.

"ஓடிபி சரிபார்க்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டது" என்ற அச்சடித்த பதில் ஒன்று வந்தால், ஒரே வரியில் மறுபடி எழுதுங்கள்: 771409312460 என்ற பார்சல் உங்கள் பதிவில் எங்கே இருக்கிறது? அதற்கு அவர்கள் சொல்லும் எந்தப் பதிலும் உங்களுக்கே சாதகம். அது உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று பதிவு இருந்தால், உங்கள் வீட்டில் இருக்கும் பெட்டி அந்தப் பதிவைப் பொய்யாக்குகிறது. காணவில்லை என்று இருந்தால், இதோ உங்களிடம் இருக்கிறது.

ஒரு மாதம் ஆகியும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் நிறுவனத்தை இழுத்துப் பேசவைப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019-ம் ஆண்டுச் சட்டம் கொடுத்த வசதி. மகன் வெளியூரில் வேலை பார்த்தால் அந்த ஊர் ஆணையத்துக்கும் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு கெடு. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். என் தொழிலுக்கு நட்டம்தான், ஆனாலும் ரூ. 3,290-க்கு வக்கீல் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடை, விற்பவர், டெலிவரி நிறுவனம் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதை ஆணையமே கேட்கட்டும். தெளிப்பான் வராத நாள்களில் வாடகைக்கு எடுத்து மருந்தடித்திருந்தால் அந்தச் செலவைக் கேட்க வேண்டிய இடமும் அதுதான். வாடகைக்குக் கொடுத்தவரிடம் இப்போதே ஒரு சீட்டு வாங்கி வையுங்கள். அங்கே ஸ்கிரீன்ஷாட்டைச் சாட்சியாக வைக்கும்போது, இது என் கைப்பேசியில் எடுத்தது என்று உங்கள் மகன் ஒரு சான்று கையெழுத்திட்டுத் தர வேண்டிவரும். அதற்காகத்தான் மூலக்கோப்பை அழிக்க வேண்டாம் என்றேன்.

கடைசியாக அந்தப் பெட்டி. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கே வேறொருவர் பார்சல் வந்தது. கோபத்தில் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். லேபிளின் நினைவு வந்தபோது குப்பை வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. கடைசிவரை ஒன்றையும் நிரூபிக்க முடியவில்லை. கூரியர் லேபிள்களில் பெரும்பாலானவை வெப்பத்தில் அச்சாகும் தாள், மை கிடையாது. வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் எழுத்து வெளிறிவிடும். இன்றே லேபிளை மட்டும் நேராக வைத்து, எல்லா இலக்கங்களும் தெரிய இரண்டு படம் எடுங்கள். திண்ணையிலிருந்து பெட்டியை எடுத்து, சாரல் படாத, அடுப்பங்கரை அல்லாத இடத்தில் வையுங்கள். ஜார்கள் உள்ளேயே இருக்கட்டும். யாரும் அதில் சட்னி அரைத்துவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.